ஒரே வாரத்தில் வெளுக்கும் முகம்: சிவப்பழகு க்ரீமுக்குள் ஒளிந்திருப்பது என்ன?

தோலின் நிறம் உண்மையிலேயே மாற எத்தனை நாளாகும் என்று தெரிந்துவைத்திருந்தால், கையில் இருக்கும் க்ரீமைப் பற்றிப் பாதி விஷயம் அதிலேயே விளங்கிவிடும். தோலுக்கு நிறம் தரும் மெலனின், மேல்தோலின் அடியடுக்கில் உருவாகிறது. அங்கே இருக்கும் நிறமிச் செல்கள் மெலனினைச் சிறு பொட்டலங்களாகப் பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கின்றன. அந்தச் செல்கள் மெல்ல மேலே ஏறி, கடைசியில் உதிர்ந்துபோக ஏறக்குறைய 4 வாரமாகிறது. இன்றைக்கே மெலனின் உற்பத்தி முழுக்க நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், ஏற்கெனவே நிறமேறிய செல்கள் உதிர ஒரு மாதம் வேண்டும். பாதுகாப்பான மருந்துப் பொருள்கள் அந்த உற்பத்தியை முழுக்க நிறுத்துவதில்லை, ஓரளவு குறைக்கின்றன. அதனால்தான் அவற்றின் பலனைப் பார்க்க 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டியிருக்கிறது.

அப்படியிருக்க, ஐந்தாறு நாளில் ஒரு க்ரீம் முகத்தை வெளுக்க வைக்கிறது என்றால் அது வேறு வேலை ஏதோ செய்கிறது. முகம் கழுவியதும் அந்த வெளுப்பு போய்விட்டால் கவலையில்லை. டைட்டானியம் டையாக்சைடு போன்ற வெள்ளைப் பொடி மேலே படிந்திருந்தது, அவ்வளவுதான். கழுவிய பிறகும், மறுநாள் காலையிலும் முகம் வெளுப்பாகவும் வழுவழுப்பாகவும் இருந்து, இருந்த பருக்களும் காணாமல் போயிருந்தால் முதல் சந்தேகம் ஸ்டீராய்டு மீதுதான் விழ வேண்டும். இரண்டு மூன்று வாரம் போனதும் வழக்கமான க்ரீம்களால் முடியாத அளவுக்கு நிறம் இறங்கினால் பாதரசத்தையும் சந்தேகிக்க வேண்டும். டப்பாவின் மேல் ‘மூலிகை’ என்றோ ‘இயற்கை’ என்றோ எழுதியிருப்பதால் இந்தச் சந்தேகம் தீராது. மறைத்துச் சேர்க்கிறவர்கள் அதை லேபிளில் எழுதப்போவதில்லை.

ஸ்டீராய்டு எப்படி வெளுக்க வைக்கிறது

தோலில் பூசும் ஸ்டீராய்டு முதலில் செய்யும் வேலை, மேலோட்டமான நுண்ணிய ரத்தநாளங்களைச் சுருக்குவது. பூசிய சில மணி நேரத்திலேயே அந்த இடம் வெளிறிவிடும். இது எவ்வளவு நிச்சயமான விளைவு என்றால், 1962-ல் மெக்கென்சி, ஸ்டௌட்டன் என்ற இருவர் விவரித்த சோதனையில் தோல் எவ்வளவு வெளிறுகிறது என்பதை வைத்தே ஸ்டீராய்டுகளின் வீரியம் அளக்கப்பட்டது. இன்றும் அந்த வழிமுறை புழக்கத்தில் இருக்கிறது. அடுத்ததாக ஸ்டீராய்டு அழற்சியை அடக்குகிறது; பருவின் சிவப்பும் வீக்கமும் அமுங்கிவிடுகின்றன. நிறமிச் செல்களின் வேலையும் மந்தமாகிறது. மூன்றும் சேர்ந்ததைத்தான் கண்ணாடியில் பார்ப்பவர் ‘பளபளப்பு’ என்று எடுத்துக்கொள்கிறார்.

பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்பவை அடிக்கடி அகப்படும் பெயர்கள். இவற்றில் குளோபீட்டசால்தான் மிகக் கடுமையானது. மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோனைப் போலப் பல நூறு மடங்கு வீரியம் கொண்டது. தடித்துச் செதிலாகிப்போன தோல்நோய்களுக்கு, தொடர்ந்தாற்போல் 2 வாரத்துக்கு மேல் போகாமல், வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டாமல் பூச வேண்டிய மருந்து அது. முகத்துக்கு உரியதே அல்ல. முகத்தோல் உறிஞ்சும் அளவும் வேறு. முன்கையின் உட்புறம் உறிஞ்சுவதை 1 என்று வைத்தால், நெற்றி ஏறத்தாழ 6 மடங்கும், தாடைப் பகுதி 13 மடங்கும் உறிஞ்சுகிறது. கையில் பூசியபோது ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி முகத்துக்குக் கொண்டுபோவது அதனால்தான் ஆபத்து.

கன்னத்தில் மங்கு படர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஸ்டீராய்டு மறைந்திருக்கும் ‘நைட் க்ரீம்’ ஒன்றை இரவுதோறும் முகம் முழுக்கப் பூசுகிறார். முதல் வாரமே முகம் வெளுக்கிறது, தெரிந்தவர்கள் கேட்கவும் செய்கிறார்கள். ஆறாவது வாரத்தில் வெயிலில் இறங்கினால் கன்னம் சுரீரென்று எரிகிறது. மூன்றாவது மாதத்தில் கன்னத்திலும் தாடையிலும் பூனைமுடி அடர்கிறது. ஒரே அளவில், ஒரே பருவத்தில் சிறு சிவப்புக் கொப்புளங்கள் வாயைச் சுற்றிக் கிளம்புகின்றன. சாதாரண முகப்பரு என்றால் கரும்முனை, வெள்முனை, பெரிய பரு, சிறிய பரு எல்லாம் கலந்திருக்கும். இங்கே எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். கன்னத்தைக் கூர்ந்து பார்த்தால் நூல்போல் சிவந்த ரத்தநாளங்கள் தெரிகின்றன. தோல் மெலிந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

பயந்துபோய் நிறுத்துகிறார். இரண்டு நாள் ஒன்றுமில்லை. நாலாவது நாள் முகம் சிவந்து வீங்குகிறது, எரிகிறது, கொப்புளம் பெருகுகிறது, மங்கு முன்னைவிடக் கறுத்துத் தெரிகிறது. தாங்க முடியாமல் மறுபடி அதே க்ரீமைப் பூசுகிறார். ஒரே நாளில் அடங்கிவிடுகிறது. இந்த இடத்தில்தான் மனம் தவறான முடிவுக்கு வருகிறது: ‘க்ரீம் நல்லதுதான், என் முகம்தான் மோசம்.’ விற்பவரும் ‘உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே வருகிறது, விடாமல் பூசுங்கள்’ என்று சொல்லி அதை உறுதிப்படுத்துகிறார். அழுக்கு எதுவும் வெளியே வருவதில்லை. மாதக்கணக்கில் சுருக்கியே வைத்திருந்த ரத்தநாளங்கள் பிடி விட்டதும் ஒரேயடியாக விரிகின்றன. அடக்கி வைத்திருந்த அழற்சி திரும்பி எழுகிறது. நிறுத்தினால் சீறுவதும், பூசினால் ஒரே நாளில் அடங்குவதும் சேர்ந்து வந்தால் அது ஸ்டீராய்டுக்கு அடிமைப்பட்ட தோல் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். அடுத்த முறை நிறுத்தும்போது சீற்றம் இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் கடுமையாக வரும்.

இது அபூர்வமான ஒன்றல்ல. இந்தியாவில் 12 மையங்களில் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தோல் பிரச்சினையுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு கேடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணிமையை ஒட்டி மாதக்கணக்கில் பூசினால் கண்ணுக்குள் அழுத்தம் கூடி கிளாக்கோமா வரலாம், கண்புரையும் வரலாம். கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது, ஆரம்பத்தில் வலியும் இருக்காது. மற்றொன்று படர்தாமரை. அது ஸ்டீராய்டின் அடியில் அரிப்பும் வட்ட விளிம்பும் மறைந்து, அடையாளம் தெரியாத செந்திட்டாகப் பரவுகிறது. பார்ப்பவர் அதை அலர்ஜி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஸ்டீராய்டு பூசுகிறார்.

அதிலிருந்து வெளியே வருவது

சில வாரங்கள்தான் பூசியிருந்தால் உடனே நிறுத்திவிடலாம். மாதக்கணக்கில் பூசியிருந்தால் தோல் மருத்துவரின் துணையோடு நிறுத்துவதே நல்லது. பெரும்பாலும் அவர் கடும் ஸ்டீராய்டை விலக்கிவிட்டு, தேவைப்பட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மென்மையான ஒன்றைக் குறுகிய காலத்துக்கு, நாள் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்தச் சொல்வார். அல்லது ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்புக்கு மாற்றுவார். அது முதல் சில நாள் எரியும். எரிகிறதே என்று பழைய டப்பாவைத் தேடிப் போகாமல் இருக்க இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கொப்புளம் அதிகமென்றால் சில வாரங்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை தருவதுண்டு. கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது.

வீட்டில் செய்ய வேண்டியது குறைவு. குறைவாகச் செய்வதுதான் இங்கே வைத்தியம். குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய துணியைப் பத்து நிமிடம் முகத்தில் வைக்கலாம். வாசனை இல்லாத, மென்மையான மாய்ஸ்சரைசரை ஒரு நாளில் பலமுறை பூசலாம். வெயிலிலிருந்து முகத்தைக் காக்க வேண்டும். வைட்டமின் சி, ரெட்டினால், அமில சீரம், ஸ்க்ரப், எலுமிச்சை, ஃபேஷியல் எதையும் தோல் அடங்கும்வரை நெருங்க விடக் கூடாது. முதல் இரண்டு வாரம்தான் மிகக் கடினம். முழுக்க ஆறச் சிலருக்கு மாதக்கணக்காகும். சிவப்பும் கொப்புளமும் போய்விடும். விரிந்த ரத்தநாளங்கள் சிலருக்கு அப்படியே நின்றுவிடும், அவற்றுக்கு லேசர் தேவைப்படலாம்.

உடம்பு முழுக்க நெடுநாள் பூசியவர்கள் ஒருபோதும் தாமாக நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டால் உடலின் சொந்த உற்பத்தி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

பாதரசம்: தோலில் தெரியாத கேடு

ஸ்டீராய்டின் கேடு பெரும்பாலும் முகத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பாதரசத்தில் முகம் நன்றாக இருக்கும்போதே சிறுநீரகம் கெடலாம். மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும், அந்த நொதி வேலை செய்யச் செம்பு வேண்டும். பாதரச உப்புகள் அந்த நொதியை முடக்குவதால் நிறம் குறைகிறது. ஆனால் பூசிய பாதரசம் தோலோடு நிற்பதில்லை. அது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் சேர்கிறது.

அளவைக் கணக்குப்போட்டுப் பார்த்தால்தான் விபரீதம் புரியும். பல நாடுகள் அழகுசாதனப் பொருளில் தவிர்க்க முடியாத கலப்பாக அனுமதித்த உச்சவரம்பு 1 பிபிஎம், அதாவது ஒரு கிலோவில் 1 மில்லிகிராம். அந்த வரம்புக்குள் இருக்கும் 30 கிராம் டப்பாவில் பாதரசம் 0.03 மில்லிகிராமைத் தாண்டாது. 2010-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் சில குடும்பங்களைச் சோதித்தபோது, அவர்கள் பூசிய க்ரீம்களில் 2 முதல் 5.7 சதவீதம்வரை பாதரசம் இருந்தது. 2 சதவீதம் என்றால் 20,000 பிபிஎம். அதே 30 கிராம் டப்பாவில் 600 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 1 கிராம் பூசினால் 20 மில்லிகிராம் பாதரசத்தைத் தினமும் முகத்தில் தேய்க்கிறார்கள். இது ஏதோ ஆலையில் தவறிக் கலந்த தூசி அல்ல. தெரிந்தே சேர்த்தால் ஒழிய இந்த அளவு வராது. இப்போது மினமாட்டா உடன்படிக்கையின் 2023 மாநாடு அந்த 1 பிபிஎம் சலுகையையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள் எதுவானாலும் 2025-க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்று முடிவெடுத்திருக்கிறது.

அந்தக் குடும்பங்களில் க்ரீம் பூசாதவர்களின் சிறுநீரிலும் பாதரசம் கூடுதலாக இருந்தது. பூசியவரின் கை, தலையணை உறை, துண்டு வழியாக அது வீடு முழுக்கப் பரவுகிறது. ஆவியாகவும் காற்றில் கலக்கிறது. பூசிய முகத்தோடு குழந்தையை அணைத்துக்கொள்வதே அதற்குப் போதும். கர்ப்பிணியின் உடலிலிருந்து கருவுக்கும் போகும்.

சிறுநீரகம் கெடுவது முதலில் சிறுநீரில் நுரையாகத் தெரியும். தண்ணீர் ஊற்றிய பிறகும் கலையாமல் நிற்கும் நுரை, புரதம் வெளியேறுகிறது என்பதன் அடையாளம். பிறகு காலையில் கண்ணிமை வீங்கும், மாலையில் கணுக்கால் வீங்கி விரல் அழுத்தினால் குழி விழும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர்வரை பார்த்த, சிறுநீரக வடிகட்டிச் சவ்வு கெட்டுப் புரதம் கசியும் மெம்பரனஸ் நெஃப்ரோபதி நோயாளிகள் 22 பேரில் 15 பேருக்கு அந்நோயின் நெல்-1 என்ற வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். இதில் ஆறுதலான செய்தி, க்ரீமை நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் புரதக் கசிவு குறைந்துவிடுகிறது என்பது. ஆனால் க்ரீம் பூசுவதை மருத்துவரிடம் யாரும் தாமாகச் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. கால் வீக்கத்துக்குப் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோவது, வேறு பல சோதனைகளை மிச்சப்படுத்தும்.

நரம்பிலும் பாதரசம் கைவைக்கும். காரணமில்லாத எரிச்சல், தூக்கமின்மை, மறதி, கை நடுக்கம், விரல் மரத்துப்போவது எல்லாம் மெல்ல மெல்ல வருவதால் வேலைப் பளு என்று நினைத்துவிடுகிறார்கள். தோலிலும் நகத்திலும் சாம்பல் நிறம் படிவதுண்டு. வெளுக்கப் பூசியது, கண்ணோரத்தையும் கழுத்து மடிப்பையும் கறுக்க வைக்கிறது.

பாதரச க்ரீம் என்று சந்தேகம் வந்தால் படிப்படியாகக் குறைப்பதெல்லாம் வேண்டாம், அன்றே நிறுத்த வேண்டும். கூடவே ஸ்டீராய்டும் இருந்திருந்தால் வரும் சீற்றத்தை மேலே சொன்னபடி மருத்துவர் சமாளிப்பார். சிறுநீரில் புரதமும் பாதரசமும் சோதிக்க வேண்டும். வீட்டில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருந்தால் அவர்களுக்கும் சோதிக்க வேண்டும். பாதரசம் உடலிலிருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மாதமாகிறது. அளவு அதிகமென்றால் அதை வெளியேற்ற மருந்து உண்டு, அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். டப்பாவை இறுக மூடி, ஜிப் பையில் போட்டு, எட்டாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு அது தேவைப்படும். தொட்டியில் கழுவி ஊற்றுவதோ குப்பையோடு எரிப்பதோ கூடாது. எரித்தால் ஆவியை மூச்சில் இழுக்க வேண்டிவரும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

வீட்டிலேயே கண்டுபிடிக்கும் சோதனை எதுவும் கிடையாது. நிறத்தையோ வாசனையையோ வைத்துச் சொல்ல முடியாது. பெட்டிதான் சில துப்புகள் தரும். தயாரிப்பாளரின் முழு முகவரி, தொகுதி எண், காலாவதி தேதி, பொருள்களின் முழுப் பட்டியல் ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். கேலமெல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக் அயோடைடு, அம்மோனியேட்டட் மெர்குரி என்பவை பாதரசத்தின் பெயர்கள். Hg அதன் குறியீடு. ‘தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படாமல் வைக்கவும்’ என்ற எச்சரிக்கை இருந்தால் அது இன்னும் நேரடியான வாக்குமூலம். பாதரசம் அந்த உலோகங்களோடு கலந்து அவற்றைக் கெடுக்கும் என்பதால்தான் அப்படி எழுதுகிறார்கள். பெயரே ஒட்டாத டப்பாவில் கலந்து கொடுப்பது, பகலுக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்று ஜோடியாகத் தருவது, ‘நிறுத்தினால் கறுத்துவிடும், விடாதீர்கள்’ என்று சொல்லி விற்பது எல்லாமே விலகிப்போக வேண்டிய இடங்கள்.

‘ஆய்வகச் சான்று இருக்கிறது’ என்று காட்டினால் எதற்குச் சோதித்தார்கள் என்று பாருங்கள். பாதரசத்தைச் சில நொடியில் காட்டும் எக்ஸ்-கதிர் கருவிக்கு ஸ்டீராய்டு கண்ணில் படாது. ஸ்டீராய்டைக் கண்டறியும் குரோமட்டோகிராஃபி சோதனை பாதரசத்தைச் சொல்லாது. ‘பாதரசம் இல்லை’ என்ற தாளோடு வரும் க்ரீமில் குளோபீட்டசால் இருக்கலாம். சான்றில் உள்ள தொகுதி எண் உங்கள் கையில் உள்ள டப்பாவின் எண்ணோடு பொருந்தாவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை.

சரி, எதைப் பூசலாம்

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்வோம். மேற்கையின் உட்புறம், வெயில் படாத இடத்தின் நிறம்தான் உங்கள் பிறவி நிறம். பாதுகாப்பான எந்தப் பொருளும் முகத்தை அதைத் தாண்டி வெளுக்க வைக்காது. மங்கு, பரு விட்ட தழும்புக் கறை, வெயில் கறுப்பு ஆகியவற்றைக் குறைத்து அந்த நிறத்தை நோக்கிக் கொண்டுவருவதுதான் நியாயமான இலக்கு. அதற்கு மேல் தருவதாகச் சொல்லும் டப்பாவை எடுக்கும் கையை நிறுத்தவே இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த இலக்குக்கு மிகப் பெரிய வேலையைச் செய்வது சன்ஸ்க்ரீன். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், யுவிஏ கதிரையும் தடுப்பதாக இருக்க வேண்டும். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே நிறத்தைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல்நிறச் சாயம் கொண்ட வகை மேலானது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் போதுமான அளவு. பெரும்பாலோர் இதில் பாதிகூடப் பூசுவதில்லை. சன்ஸ்க்ரீன் பயனில்லை என்று சொல்வதற்கு அதுவே முக்கியக் காரணம். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

அதோடு ஒரே ஒரு பொருளைச் சேர்த்தால் போதும். தோல் எளிதில் சிவக்கும் என்றால் 4 அல்லது 5 சதவீத நியாசினமைடு. மங்கோ பருக்கறையோ இருந்தால் அசெலாயிக் அமிலம், 10 சதவீதத்தில் தொடங்கி மருத்துவரைக் கேட்டு 20 சதவீதம்வரை. கர்ப்ப காலத்திலும் பொதுவாக ஏற்கத்தக்கது இது. பூசியவுடன் கொஞ்சம் குறுகுறுக்கும், சில நாளில் பழகிவிடும். ஹைட்ரோகுவினோன் நன்றாக வேலை செய்யும் மருந்துதான், ஆனால் மருத்துவர் சொன்ன சில மாதங்களுக்கு மட்டும். வருடக்கணக்கில் பூசினால் நீலக்கறுப்பாகப் படியும் ஓக்ரனோசிஸ் என்ற கறை வரலாம், அது லேசில் போகாது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த மூன்று-மருந்து க்ரீமும் மங்குக்கு உண்டு. 8 வாரம்போல ஒரு கெடு வைத்து மருத்துவர் எழுதித் தருவது அது. கெடு முடிந்த பிறகு பழைய சீட்டைக் காட்டி வாங்கிப் பூசிக்கொண்டே இருப்பவர்கள்தான் கடைசியில் ஸ்டீராய்டு முகத்தோடு வந்து நிற்கிறார்கள்.

புதிய பொருள் எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணய அளவு இடத்தில், நாளுக்கு இருமுறையாக ஏழு நாள் பூசிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டுபோகலாம். தொடங்கும் நாளில் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துவைத்து, 12-வது வாரம் அதே இடத்தில் இன்னொன்று எடுத்து ஒப்பிடுங்கள். அதற்குள் மாற்றம் தெரியவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் மருத்துவரிடம் போகலாம். கன்னத்துக் கறுப்பெல்லாம் மங்காக இருக்க வேண்டியதில்லை. கழுத்திலும் அக்குளிலும் கூடவே தடித்துக் கறுத்திருந்தால் இன்சுலின் எதிர்ப்பு காரணமாக இருக்கலாம், அதற்கு ரத்தச் சர்க்கரையைத்தான் பார்க்க வேண்டும்.